sec⁻¹x வகைக்கெழுவில் அந்த மட்டுக்குறி எங்கிருந்து வருகிறது?

சாய்வுக்கோடு · பிப்ரவரி 3, இரவு 9.40

நேர்மாறு முக்கோணவியல் சார்புகளின் வகைக்கெழுக்களை நான் மனப்பாடம் செய்வதில்லை. சமன்பாட்டைத் திருப்பி எழுதி, இருபுறமும் வகையிட்டு, ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து முடித்துவிடுவேன். y = sin⁻¹x என்றால் sin y = x. இருபுறமும் x-ஐப் பொறுத்து வகையிட்டால் cos y · dy/dx = 1. ஒரு கோணம் y ஆக இருக்கும் முக்கோணத்தில் கர்ணம் 1, எதிர்ப்பக்கம் x, அடுத்துள்ள பக்கம் √(1−x²). ஆகவே cos y = √(1−x²). அதன் தலைகீழிதான் விடை. tan⁻¹x-க்கும் இதே வழிதான். கர்ணம் √(1+x²) ஆகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

sec⁻¹x-இல் இடிக்கிறது. sec y = x. வகையிட்டால் sec y · tan y · dy/dx = 1. கர்ணம் x, அடுத்துள்ள பக்கம் 1, எதிர்ப்பக்கம் √(x²−1). tan y = √(x²−1). எனக்குக் கிடைப்பது இது:

```
dy/dx = 1 / ( x √(x²−1) )
```

விடைப்பட்டியலில் இருப்பது இது:

```
dy/dx = 1 / ( |x| √(x²−1) )
```

என் முக்கோணத்தில் மட்டுக்குறி எங்கும் இல்லை. யாரோ கடைசியில் கொண்டுவந்து ஒட்டவைத்தது போல இருக்கிறது. "அப்படித்தான் சூத்திரம்" என்று மட்டும் யாரும் பதில் எழுத வேண்டாம்.

இரட்டைக்குறி · பிப்ரவரி 3, இரவு 10.02

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முக்கோணத்தின் பக்கம் குறை எண்ணாக இருக்க முடியாது. கர்ணத்தை x என்று போட்டீர்கள். x குறை எண்ணாகவும் வரலாம். ஆகவே கர்ணம் |x|. அதைப் போட்டால் மட்டுக்குறி தானாக வந்துவிடும்.

சாய்வுக்கோடு · பிப்ரவரி 3, இரவு 10.15

நீளம் குறை எண் ஆகாது என்பதுதான் காரணம் என்றால், sin⁻¹x-இல் x = −1/2 வரும்போது எதிர்ப்பக்கம் −1/2 ஆகிறதே. அங்கேயும் அதே சிக்கல்தான். ஆனால் அந்த விடையில் மட்டுக்குறி கிடையாது, தேவையும் இல்லை. உங்கள் காரணம் வேண்டாத இடத்திலும் வேலை செய்கிறது.

இன்னொன்று. கர்ணம் |x|, அடுத்துள்ள பக்கம் 1 என்று போட்டால் அந்த முக்கோணம் சொல்வது sec y = |x|. நாம் தொடங்கியது sec y = x. வேறு கணக்கு.

இரட்டைக்குறி · பிப்ரவரி 3, இரவு 10.18

விடை சரியாக வருகிறதா இல்லையா?

ஓரக்குறிப்பு · பிப்ரவரி 3, இரவு 11.31

இவ்வளவு சுற்றுவானேன்? sin⁻¹x என்பது 1/sin x. வகுத்தல் விதியைப் போட்டால் −cos x / sin²x. sec⁻¹x என்பது 1/sec x, அதாவது cos x. அதன் வகைக்கெழு −sin x. முக்கோணமும் வேண்டாம், மட்டுக்குறியும் வேண்டாம்.

பழைய வாத்தியார் · பிப்ரவரி 4, காலை 6.10

ஓரக்குறிப்பு, மேலே நிற்கும் −1 இங்கே அடுக்கு அல்ல. கால்குலேட்டரில் 0.5 கொடுத்து sin⁻¹ அழுத்துங்கள், 30 வரும். 1-ஐ sin 0.5 ஆல் வகுத்துப் பாருங்கள், அருகில்கூட வராது. இந்த இழை எந்தக் கோணத்தின் சைன் 0.5 என்று கேட்கும் சார்பைப் பற்றியது.

சாய்வுக்கோடு கேட்டதற்கு வருகிறேன். சூத்திரத்தை ஒதுக்கிவைத்து ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: x = −2.

sec y = −2 என்றால் cos y = −1/2. sec⁻¹-இன் வீச்சகம் 0 முதல் π வரை (π/2 நீங்கலாக) என்று உங்கள் புத்தகம் வைத்திருக்கும். அப்படியானால் y = 2π/3, இரண்டாம் கால்பகுதி. அங்கே tan y = −√3. இப்போது நீங்களே வகையிட்டு வைத்திருக்கும் வரியில் போடுங்கள்:

```
sec y · tan y = (−2)(−√3) = 2√3
dy/dx = 1/(2√3) ≈ 0.2887
```

மிகை எண். உங்கள் மட்டுக்குறியற்ற சூத்திரம் தருவது −0.2887. அளவு சரி, குறி தவறு. நீங்கள் முக்கோணத்திலிருந்து tan y = +√3 என்று எடுத்தீர்கள். ஆனால் 2π/3-இன் டேன்ஜென்ட் +√3 அல்ல.

நம்பாவிட்டால் வகையிடாமலேயே பாருங்கள். பெரும்பாலான கால்குலேட்டர்களில் sec⁻¹ பொத்தான் இருக்காது. cos⁻¹(1/x) என்று கொடுக்கவேண்டும். ரேடியனில் வைத்து x = −2 கொடுத்தால் 2.0944. x = −1.99 கொடுத்தால் 2.0973. x 0.01 கூடும்போது y சுமார் 0.0029 கூடுகிறது. சாய்வு 0.29 அளவில், மிகை எண்தான்.

சாய்வுக்கோடு · பிப்ரவரி 4, காலை 7.25

எண் ஒத்துவருகிறது. ஆனால் எனக்கு முக்கோணத்தைக் கைவிட மனம் இல்லை. x = −2-க்குப் போய் வரையவே முடியாத ஒன்றை வரைந்து, பிறகு கால்பகுதி பார்த்துக் குறியைத் திருத்துவது என்றால், அப்புறம் முக்கோணம் எதற்கு?

பழைய வாத்தியார் · பிப்ரவரி 4, மாலை 5.50

முக்கோணத்தைக் கைவிட வேண்டாம். அதை வெறும் தாளில் மிதக்க விடாமல் ஆய அச்சுகளின் மேல் வையுங்கள்.

கோணம் y ஆதிப்புள்ளியில், மிகை x-அச்சிலிருந்து தொடங்குகிறது. அச்சுகளுக்கு வேறு எழுத்துகள் இருந்தால் நல்லது; கிடைமட்டத்துக்கு a, செங்குத்துக்கு b என்று வைத்துக்கொள்வோம். கர்ணம் r எப்போதும் மிகை எண், ஏனென்றால் அது தொலைவு. a, b இரண்டும் குறியோடு வரும். sec y = r/a, tan y = b/a.

x = −2-க்கு r = 2, a = −1. நீங்கள் கர்ணத்துக்குக் கொடுத்த குறை எண், உண்மையில் அடுத்துள்ள பக்கத்துக்குச் சேர வேண்டியது. y 0-க்கும் π-க்கும் இடையில் இருப்பதால் b மிகை எண்: b = √3. tan y = √3/(−1) = −√3. கால்பகுதி பார்த்துப் பிறகு திருத்த வேண்டியதில்லை, படமே சொல்லிவிடுகிறது.

பொதுவாக x குறை எண் என்றால் r = −x, a = −1, b = √(x²−1). அப்போது

```
sec y · tan y = x · ( √(x²−1) / (−1) ) = −x √(x²−1)
```

x குறை எண்ணாக இருக்கும்போது −x என்பதும் |x| என்பதும் ஒன்றுதான். x மிகை எண் என்றால் a = 1, எதுவும் மாறாது. இரண்டையும் ஒரே வரியில் எழுத ஒரு வழி வேண்டும் என்பதால்தான் மட்டுக்குறி. யாரும் ஒட்டவைக்கவில்லை.

இரட்டைக்குறி சொன்ன "கர்ணம் |x|" என்பது சரிதான். ஆனால் கழற்றிய குறியை அடுத்துள்ள பக்கத்தில் வைக்க மறந்துவிட்டார். இரண்டு இடத்தில் |x| போட்டதால் தற்செயலாக விடை பொருந்தியது.

sin⁻¹-இல் ஏன் இந்தத் தொல்லை இல்லை என்பதும் இதே படத்தில் தெரியும். அங்கே y −π/2 முதல் π/2 வரை, படம் வலப்பக்கம் மட்டும். x குறை எண்ணானால் முக்கோணம் கீழே தொங்கும், b குறை எண்ணாகும். நமக்கு வேண்டியது cos y = a/r. வலப்பக்கத்தில் a எப்போதும் மிகை எண். குறி b-யோடு நின்றுவிடுகிறது, விடைக்குள் வருவதில்லை.

கருவிப்பட்டறை · பிப்ரவரி 4, இரவு 8.44

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய எரிச்சல் நினைவுக்கு வந்தது. நான் நெம்புகோல் கைகளை இயக்கும் நிரல் எழுதுபவன். கையின் முனை உயரத்திலிருந்து கோணமும், உயரம் மாறும் வேகத்திலிருந்து கோணம் மாறும் வேகமும் கணக்கிட வேண்டும். சூத்திரப்படி 0.6-இல் sin⁻¹-இன் வகைக்கெழு 1/√(1−0.36) = 1.25. சரிபார்க்க 0.601, 0.6 இரண்டுக்கும் கோணம் எடுத்துக் கழித்து 0.001 ஆல் வகுத்தால் 71.65 வந்தது. சூத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இங்கேயும் மட்டுக்குறி மாதிரி ஏதாவது விட்டுப்போயிருக்குமோ?

பழைய வாத்தியார் · பிப்ரவரி 4, இரவு 9.05

71.65-ஐ 57.2958-ஆல் வகுங்கள். 1.25 திரும்ப வரும். உங்கள் கோணம் பாகையில் வந்திருக்கிறது. sin y-இன் வகைக்கெழு cos y என்பதே y ரேடியனில் இருந்தால்தான். பாகையில் என்றால் வகையிடும் வரியிலேயே π/180 என்ற காரணி முளைக்கும், தலைகீழாக்கும்போது அது 180/π ஆகும். குறிச் சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 57 மடங்கு பிழை வந்தால் பாகை, அளவு சரியாக இருந்து குறி மட்டும் மாறினால் கால்பகுதி.

கருவிப்பட்டறை · பிப்ரவரி 4, இரவு 9.07

அதேதான். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

இரட்டைக்குறி · பிப்ரவரி 5, காலை 11.20

வாத்தியார் ஐயா, ஒரு நிமிடம். வீட்டில் இருக்கும் இன்னொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் மட்டுக்குறியே இல்லை! 1/(x√(x²−1)) என்றுதான் அச்சிட்டிருக்கிறது. சாய்வுக்கோடு முதலில் போட்டதே சரி. எல்லாரும் வீணாகத் தலையை உடைத்துக்கொண்டோம்.

சாய்வுக்கோடு · பிப்ரவரி 5, காலை 11.41

நேற்று வரை மட்டுக்குறியின் வழக்கறிஞராக இருந்தீர்கள்.

அந்தப் புத்தகத்தில் sec⁻¹-இன் வீச்சகம் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். சில பக்கங்கள் முன்னால் இருக்கும்.

இரட்டைக்குறி · பிப்ரவரி 5, மதியம் 12.03

0 முதல் π/2 வரை, பிறகு π முதல் 3π/2 வரை. விசித்திரமாக இருக்கிறது. நடுவில் ஒரு கால்பகுதியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

பழைய வாத்தியார் · பிப்ரவரி 5, மாலை 6.30

குதித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தின்படி sec⁻¹(−2) என்பது 2π/3 அல்ல, 4π/3. அதன் சீக்கன்ட்டும் −2 தான். ஆனால் அது மூன்றாம் கால்பகுதி, அங்கே டேன்ஜென்ட் மிகை எண்: +√3. ஆகவே sec y · tan y = (−2)(√3), dy/dx = −1/(2√3). அந்தச் சார்புக்கு அந்தச் சூத்திரம் சரி.

இரண்டு புத்தகங்களும் ஒரே பெயரில் வெவ்வேறு சார்புகளைப் பேசுகின்றன. x ≥ 1-இல் இரண்டும் ஒன்று. x ≤ −1-இல் ஒன்றின் மதிப்பை 2π-யிலிருந்து கழித்தால் மற்றது வரும்: 2π − 2π/3 = 4π/3. கழித்தல் குறி போட்டு வரும் ஒன்றை வகையிட்டால் சாய்வின் குறி புரளத்தானே செய்யும்.

எந்தக் கட்சி என்று அறிய முக்கோணமே வேண்டாம். sec y · tan y = sin y / cos²y. கீழே இருப்பது வர்க்கம். குறி முழுவதும் sin y-இன் கையில். 0 முதல் π வரை சைன் குறை எண்ணாகாது, எனவே சாய்வு எங்கும் மிகை எண். π முதல் 3π/2 வரை சைன் குறை எண், அந்தக் கிளை இறங்குகிறது.

சாய்வுக்கோடு போட்டது சரியா என்றால், அவருடைய விடைப்பட்டியல் எந்த வீச்சகத்தைக் கொண்டதோ அதற்குச் சரியில்லை.

சாய்வுக்கோடு · பிப்ரவரி 6, இரவு 10.10

நேற்று முழுவதும் இது மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. சூத்திரத்தையும் வீச்சகத்தையும் கலந்து போட்டால் எங்கே அடிபடும் என்று தேடினேன். தொகையிடலில்தான்.

```
∫ dx / ( x √(x²−1) ),  x = −2 முதல் x = −√2 வரை
```

மட்டுக்குறியற்ற சூத்திரத்தை ஒரு புத்தகத்திலிருந்தும், 0 முதல் π வரையிலான வீச்சகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் விடை sec⁻¹(−√2) − sec⁻¹(−2) = 3π/4 − 2π/3 = π/12.

இப்போது தொகையிடப்படும் சார்பைப் பாருங்கள். அந்த இடைவெளி முழுக்க x குறை எண், வர்க்கமூலம் மிகை எண். சார்பு எங்கும் அச்சுக்குக் கீழே. இடமிருந்து வலமாகத் தொகையிட்டு மிகை எண் வர வழியே இல்லை. சரியான விடை −π/12.

இரண்டாம் புத்தகத்தின் வீச்சகத்தையே கடைசி வரை வைத்திருந்தால் 5π/4 − 4π/3 = −π/12, சரி. முதல் வீச்சகத்தில் இருப்பவர்கள் sec⁻¹|x| என்று எழுதினால் π/4 − π/3 = −π/12, அதுவும் சரி. கலந்தால்தான் கெடுகிறது.

இதைப் போட்ட பிறகு எனக்கு அந்தக் குதிக்கும் வீச்சகத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. x = sec y என்று பிரதியிட்டுத் தொகையிடும்போது √(tan²y) வரும். குதிக்கும் வீச்சகத்தில் டேன்ஜென்ட் எங்கும் குறை எண் ஆகாததால் அதை tan y என்று அப்படியே எழுதலாம். முக்கோணத்திலிருந்து எடுத்ததும் பொய்யாகாது. என் மாதிரி முக்கோணப் பித்தர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது.

பழைய வாத்தியார் · பிப்ரவரி 7, காலை 6.25

அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் பாருங்கள். sec⁻¹x = cos⁻¹(1/x) என்ற எளிய உறவு x குறை எண்ணாகும்போது போய்விடும். cos⁻¹(−1/2) எல்லார்க்கும் 2π/3. உங்களுக்கு sec⁻¹(−2) மட்டும் 4π/3. கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது ஒவ்வொரு முறையும் 2π-யிலிருந்து கழிக்க வேண்டும். ஒரு மட்டுக்குறியை மிச்சப்படுத்த இவ்வளவு தேவையா? நான் 0 முதல் π வரையிலான கட்சிதான்.

சாய்வுக்கோடு · பிப்ரவரி 7, காலை 7.02

தொகையிடல் தாளில் எத்தனை பேர் √(tan²y)-ஐ யோசிக்காமல் tan y என்று எழுதுகிறார்கள் என்று நீங்களே திருத்திப் பார்த்திருப்பீர்கள். கழித்தல் ஒரு சிறிய வேலை. மறந்துபோன குறி மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். நான் மாறப்போவதில்லை.

நள்ளிரவுக் கணக்கன் · பிப்ரவரி 8, நள்ளிரவு 12.50

நீங்கள் யாருமே கேட்காத ஒரு கேள்வி. sin y = x-ஐ இருபுறமும் வகையிடும்போது dy/dx என்று ஒன்று இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறீர்கள். அது இருக்கிறது என்று யார் சொன்னது? உட்படு சார்பை வகையிடும் முறை "வகைக்கெழு இருந்தால் அதன் மதிப்பு இது" என்று மட்டுமே சொல்லும்.

பழைய வாத்தியார் · பிப்ரவரி 8, காலை 6.15

நியாயமான கேள்வி. இருக்கிறது என்பதற்கான காரணம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். y = sin⁻¹x-இன் வளைவரை, சைன் வளைவரையை y = x என்ற கோட்டில் பிரதிபலித்தது. சைன் வளைவரைக்கு எங்கே கிடைமட்டமல்லாத தொடுகோடு இருக்கிறதோ, பிரதிபலிப்பில் அங்கே செங்குத்தல்லாத தொடுகோடு இருக்கும். −π/2-க்கும் π/2-க்கும் இடையில் cos y எங்கும் பூச்சியமல்ல, சைன் இடைவிடாமல் ஏறிக்கொண்டே போகிறது. அது போதும்.

முனைகளில் போதாது. x = 1-இல் cos y = 0, 0 · dy/dx = 1 என்ற பொய்யான வரி கிடைக்கிறது. முக்கோணமும் அதையே காட்டும்: கர்ணம் 1, எதிர்ப்பக்கம் 1, அடுத்துள்ள பக்கம் 0. முக்கோணம் ஒரு கோடாகச் சப்பையாகிவிட்டது. x = 0.99-இல் சாய்வு சுமார் 7.09, 0.9999-இல் 70.7. sec⁻¹-இலும் x = ±1-இல் எதிர்ப்பக்கம் பூச்சியமாகி இதே கதை. அதனால்தான் சார்பகம் |x| ≥ 1 ஆக இருந்தாலும் வகைக்கெழு |x| > 1-க்கு மட்டும்.

நள்ளிரவுக் கணக்கன் · பிப்ரவரி 8, நள்ளிரவு 11.58

பிரதிபலிப்பு வாதம் கண்ணுக்குச் சரி. ஆனால் "தொடுகோடு பிரதிபலிக்கும்" என்பதை நிறுவ நேர்மாறு சார்பின் தொடர்ச்சி வேண்டும். அதைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைத்துவிட்டீர்கள்.

பழைய வாத்தியார் · பிப்ரவரி 9, காலை 6.08

நுழைத்தேன். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாகவும் கண்டிப்பாக ஏறுவதாகவும் இருக்கும் சார்பின் நேர்மாறும் தொடர்ச்சியானது. அதன் நிறுவலுக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

ஓரக்குறிப்பு · பிப்ரவரி 9, காலை 10.33

சரி, −1 அடுக்கு இல்லை என்று புரிந்தது. ஆனால் cos⁻¹x-இன் வகைக்கெழுவும் sin⁻¹x-இன் வகைக்கெழுவும் ஒரு கழித்தல் குறியைத் தவிர அச்சு அசலாக ஒன்றாக இருப்பது ஏன்? அதற்கும் தனி முக்கோணம் உண்டா?

சாய்வுக்கோடு · பிப்ரவரி 9, இரவு 9.15

தனி முக்கோணம் இல்லை, அதே முக்கோணம்தான். கர்ணம் 1, பக்கங்கள் x, √(1−x²). ஒரு குறுங்கோணம் sin⁻¹x, மற்றது cos⁻¹x. கூடினால் π/2, மாறிலி. ஒன்று எவ்வளவு கூடுகிறதோ மற்றது அவ்வளவு குறைய வேண்டும். x குறை எண்ணானாலும் அந்தக் கூட்டல் π/2 தான்; அது படத்தில் தெரியாது, sin(π/2 − y) = cos y என்பதிலிருந்து வரும்.

வாத்தியாரின் அச்சு வைத்த முக்கோணத்தில் மிச்சம் இருந்த cosec⁻¹x-ஐயும் போட்டுப் பார்த்தேன். வீச்சகம் −π/2 முதல் π/2 வரை, பூச்சியம் நீங்கலாக. cosec y = r/b = x. x குறை எண் என்றால் r = −x, b = −1, a = √(x²−1); படம் வலப்பக்கம் என்பதால் a மிகை எண். −cosec y · cot y · dy/dx = 1. cot y = a/b = −√(x²−1). மொத்தத்தில்

```
dy/dx = −1 / ( |x| √(x²−1) )
```

sec⁻¹-இல் a-வுக்குப் போன குறி இங்கே b-க்குப் போகிறது.

இரட்டைக்குறி · பிப்ரவரி 10, காலை 8.40

cot⁻¹-க்கும் இரண்டு வீச்சகம் உண்டு. ஒரு புத்தகத்தில் 0 முதல் π வரை, மற்றதில் −π/2 முதல் π/2 வரை. அங்கேயும் வகைக்கெழு புரளுமா?

பழைய வாத்தியார் · பிப்ரவரி 10, மாலை 6.05

புரளாது. அங்கே x குறை எண்ணாக இருக்கும்போது இரண்டு மதிப்புகளுக்கும் வேறுபாடு சரியாக π. மாறிலியைக் கூட்டினால் சாய்வு மாறாது, இரண்டிலும் −1/(1+x²). sec⁻¹-இல் நடந்தது 2π-யிலிருந்து கழித்தல். நல்ல கேள்வி கேட்டீர்கள்.

இரட்டைக்குறி · பிப்ரவரி 10, மாலை 6.11

நானா!

சாய்வுக்கோடு · பிப்ரவரி 11, இரவு 9.50

x = 0-இல் மட்டும் கவனம். −π/2 முதல் π/2 வரை வைத்தால் cot⁻¹ அங்கே π/2-க்கும் −π/2-க்கும் இடையில் துண்டாகிவிடுகிறது, வகைக்கெழுவே இல்லை. 0 முதல் π வரை வைத்தால் அங்கே சாய்வு −1, வழுவழுப்பாகப் போகிறது. சூத்திரம் இரண்டுக்கும் −1 என்றுதான் சொல்லும்.

வாத்தியார், இந்த ஒன்றில் மட்டும் நான் உங்கள் கட்சி.